கஜுவும் உலர்பழங்களும் வாங்கும்போது: தரம், ஈரம், பழமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களின் கடைகளில் கஜுவும் உலர்பழங்களும் வாங்குவோர் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பகுதி கஜுவைப் பற்றியது. விலை கூடியதும் வாங்குவோர் அதிகம் ஏமாறுவதும் அதில்தான்.

பெட்டியில் "டபிள்யூ 240" என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் நல்ல கஜு என்று நம்பி வாங்கலாமா?

நம்பி வாங்க அது போதாது. அந்த எழுத்து வெள்ளை நிற முழுப்பருப்பு என்பதையும், அந்த எண் ஒரு இறாத்தலில், அதாவது 454 கிராமில், அதிகபட்சம் எத்தனை பருப்புகள் இருக்கலாம் என்பதையும் மட்டுமே சொல்கின்றன. எண் சிறிதாக இருந்தால் பருப்பு பெரிது. ஆகவே 180 மிகப் பெரியது, 240 பெரியது, 320 நடுத்தரமானது, 450 சிறியது. உலகச் சந்தையில் அதிகம் புழங்குவது 320தான்.

இந்தத் தரப்பெயர் பருப்பின் பருமனையும் நிறத்தையும் உடையாத தன்மையையும் பொதி செய்த நாளில் மதிப்பிட்டு இடப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எத்தனை மாதம் எந்தக் களஞ்சியத்தில் கிடந்தது, மழைக்காலத்தில் திறந்து வைக்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் தெரியாது. 180 எண்ணுள்ள பெரிய பருப்பு காறிப்போயும் இருக்கலாம். 450 எண்ணுள்ள சிறிய பருப்பு நேற்று உலர்த்தியதுபோல் இனிப்பாகவும் இருக்கலாம். ஆகையால் தரம், ஈரம், பழமை என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று சரியாக இருப்பதால் மற்றவையும் சரியாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது.

கடைக்காரர் 240 என்கிறார். அது உண்மையா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

சமையலறைத் தராசில் 100 கிராம் நிறுத்து எண்ணிப் பார்த்தால் போதும். 100 கிராமில் 180 என்ற தரத்துக்கு 37 முதல் 40 பருப்புகளும், 240க்கு 48 முதல் 53 வரையும், 320க்கு 66 முதல் 71 வரையும், 450க்கு 88 முதல் 99 வரையும் இருக்கும். எண்ணும்போது உடைந்தவற்றை ஒதுக்கிவிட்டு முழுப்பருப்புகளின் நிறையை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 240 என்று சொல்லி விற்கப்பட்ட பொதியிலிருந்து 100 கிராம் எடுத்துக்கொள்கிறீர்கள். அதில் 9 கிராம் துண்டுகளும் பிளவுகளும் கிடக்கின்றன. மீதி 91 கிராமில் 61 முழுப்பருப்புகள் இருக்கின்றன. 61ஐ 91ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 67 வருகிறது. அது 320 என்ற தரம். அதோடு, முழுப்பருப்புத் தரங்களில் பொதி செய்யும் இடத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்வரைதான் உடைவு ஏற்கப்படுவது வழக்கம். இங்கே 9 சதவீதம் இருக்கிறது. வழியில் உடைந்தவை என்று கடைக்காரர் சொல்வது ஓரளவு நியாயமாக இருக்கலாம். பருமன் மட்டும் வழியில் குறைவதில்லை. இந்தக் கணக்கைக் கடையிலேயே மரியாதையாக எடுத்துச் சொன்னால், 320இன் விலைக்குத் தருவதற்குப் பெரும்பாலும் இணங்குவார்கள்.

எண்ணுவதற்கு எடுக்கும் 100 கிராமை மேலே கிடப்பதிலிருந்து மட்டும் அள்ளக் கூடாது. பெரியவை மேலே நிற்க, சிறியவையும் துண்டுகளும் பெட்டியை ஆட்டும்போது கீழே இறங்கிவிடும். மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

பாதிக் கஜு, துண்டுக் கஜு, கொஞ்சம் சிவந்த கஜு எல்லாம் மலிவாக இருக்கின்றனவே. வாங்கலாமா?

வட்டிலப்பத்துக்கும் பாயசத்துக்கும் பிரியாணிக்கும் போடுவதற்கு முழுப்பருப்பு வாங்குவது வீண்செலவு. பாதியாகப் பிளந்ததும் பெரிய துண்டும் அதே பருப்புத்தான். சுவையில் வேறுபாடு இல்லை. சீராக இளஞ்சிவப்பாக இருப்பது சூடு கொஞ்சம் கூடியதால் வந்த நிறம். அதைத் தனித் தரமாகவே பிரித்து மலிவாக விற்கிறார்கள், அதனால் கெடுதல் இல்லை.

ஆனால் துண்டுகளில் வெட்டுமுகம் அதிகம். காற்று படும் பரப்புக் கூடுவதால் முழுப்பருப்பைவிட விரைவில் காறிவிடும். எனவே துண்டுகளை ஒரு மாதத்துக்குள் தீர்க்கக்கூடிய அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

சீரான சிவப்பையும் திட்டுத்திட்டான கரும்பழுப்பையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. கரும்பழுப்புத் திட்டு பெரும்பாலும் ஓட்டிலுள்ள பால் பட்டதால் வருவது. அந்தப் பால் தோலையும் வாயையும் புண்ணாக்கக்கூடியது. வாழைச்சேனை, வாகரைப் பக்கங்களில் வீட்டிலேயே உடைத்து விற்கும் கஜுவில் இத்தகைய பருப்புகள் இடையிடையே கிடப்பதுண்டு. அவர்களின் சரக்கு பெரும்பாலும் புதியதாகவே இருக்கும் என்பதால் நான் அதை விரும்பி வாங்குவேன். ஆனால் திட்டுப்பட்டவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஈரம் கூடியிருக்கிறதா என்று கையாலேயே அறிய முடியுமா?

முடியும். நன்கு உலர்ந்த கஜுவின் ஈரம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஏற்றுமதித் தரங்களில் உள்ள விதி. அந்த நிலையிலுள்ள பருப்பை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து வளைத்தால் சட்டென்று முறியும். முறிந்த இடம் சுத்தமாக இருக்கும். ஒரு பிடி எடுத்துக் குலுக்கினால் சோழி குலுங்குவதுபோல் ஓசை வரும். ஈரம் ஏறியது முறிவதற்கு முன் வளைந்து கொடுக்கும், ஓசை மங்கலாக இருக்கும், கடித்தால் பல்லில் ஒட்டிச் சவச்சவ என்றிருக்கும்.

ஒரே ஒரு பருப்பை முறித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். சாக்கின் ஓரத்திலுள்ளது நமத்தும் நடுவிலுள்ளது உலர்ந்தும் இருப்பது சாதாரணம். நாலைந்து இடங்களிலிருந்து எடுத்து முறித்துப் பாருங்கள்.

கலியாண வீட்டுக்கு மொத்தமாக 10 கிலோ வாங்கப் போகிறேன். ஈரத்தை அளந்து பார்க்க வழி உண்டா?

இரண்டு வழிகள் உண்டு. எளியது உப்புச் சோதனை. தூள் உப்பைச் சட்டியில் நன்றாக வறுத்து, மூடி ஆறவைத்து, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் ஒரு மேசைக்கரண்டி போடுங்கள். போத்தலின் பாதிக்குக் கஜுவை இட்டு இறுக மூடிக் குலுக்கி, ஒரு இரவு வைத்திருந்து மறுபடியும் குலுக்குங்கள். உப்பு தூளாகவே உதிர்ந்தால் அச்சமில்லை. கட்டிபட்டுக் கண்ணாடியில் ஒட்டினால், போத்தலினுள்ளே காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. அது பூஞ்சணம் வளரக்கூடிய ஈரம். அந்தச் சரக்கை வாங்க வேண்டாம். ஆனால் உப்பு கட்டிபடாததை வைத்து ஈரம் 5 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆபத்தான ஈரம் இல்லை என்பதற்கு மட்டுமே அது சான்று.

அளவாகவே தெரிய வேண்டுமென்றால் உலர்த்தி நிறுக்க வேண்டும். 0.1 கிராம்வரை காட்டும் சிறிய தராசு தேவை. 50 கிராம் பருப்பைக் கரகரப்பாக நறுக்கித் தட்டில் பரப்பி, மின்னடுப்பில் 100 முதல் 105 பாகை செல்சியஸில் வைத்து, மூன்று மணித்தியாலம் கழித்து நிறுத்துப் பார்த்து, பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறை மாறாமல் நிற்கும்வரை நிறுக்க வேண்டும். 50 கிராம் 46 கிராமாக நின்றால் 4 கிராம் நீர் போயிருக்கிறது, ஈரம் 8 சதவீதம். வீட்டு மின்னடுப்பின் சூடு நிதானமில்லாதது. பருப்பு சிவக்கத் தொடங்கினால் நீரோடு வேறு பொருளும் ஆவியாகப் போகிறது என்று கொண்டு சூட்டைக் குறைத்து மீண்டும் செய்ய வேண்டும்.

பணக்கணக்கு இதுதான். 8 சதவீத ஈரமுள்ள 10 கிலோவில் உலர்பொருள் 9.2 கிலோ. அதையே 5 சதவீதத்துக்கு உலர்த்தினால் 9.2ஐ 0.95ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 9.68 கிலோ வரும். அதாவது 300 கிராமுக்கு மேல் நீருக்குக் கஜு விலை கொடுத்திருக்கிறீர்கள். இந்த நட்டத்தைக்கூடப் பொறுக்கலாம். அந்த ஈரத்தோடு பத்துக் கிலோவையும் மூடிக் கட்டி வைத்தால் கலியாணத்துக்கு முன்பே பூஞ்சணம் பிடிக்கக்கூடும் என்பதுதான் பெரிய கவலை.

கடித்தால் மொறுமொறு என்றிருக்கிறது. அப்படியானால் புதியதுதானே?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நமத்துப்போவதும் காறிப்போவதும் இரண்டு வெவ்வேறு குறைகள். நமத்தது நீர் ஏறியதால் வருவது; மெல்லிய சூட்டில் உலர்த்தினால் நீர் போய் மறுபடியும் மொறுமொறுப்பு வந்துவிடும். காறல் எண்ணெய் கெட்டதால் வருவது. கஜுவின் நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கொழுப்பு. காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டுக் காலம் செல்லச் செல்ல அந்தக் கொழுப்பு ஒட்சியேற்றமடைகிறது, அதை எந்த அடுப்பாலும் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே ஒரு வருடம் கிடந்த சரக்கை வறுத்து உப்பிட்டால் அது புதியதைவிட அதிகமாகவே மொறுமொறுக்கும். மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பொரித்தால் வாடையும் மறைந்துவிடும். பழமையைச் சோதிக்க நினைப்பவர்கள் வறுக்காத, உப்பிடாத பருப்பைத்தான் சோதிக்க வேண்டும்.

முதலில் மணம். பத்துப் பருப்பைச் சிறிய போத்தலில் இட்டு மூடி, வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்திவையுங்கள். மூடியைத் திறந்தவுடன் வரும் முதல் மணத்தை முகருங்கள். புதியதில் மெல்லிய பால் போன்ற இனிய மணம் இருக்கும், அல்லது மணமே இராது. பழையதில் பலமுறை பொரித்த எண்ணெயின் சிக்கு வாடையோ வண்ணப்பூச்சின் வாடையோ வரும். குளிர்ந்த பருப்பில் இந்த வாடை எளிதில் பிடிபடாது. குளிரூட்டிய கடைகளில் முகர்ந்து பார்த்து நல்லது என்று வாங்கி, வீட்டில் வந்து வருந்துவதற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது நாக்கு. ஒரு பருப்பை அவசரப்படாமல் மென்று விழுங்கிவிட்டு அரை நிமிடம் பொறுத்திருங்கள். புதிய கஜு முதற்கடியிலும் இனிக்கும், விழுங்கிய பிறகும் இனிப்பு நிற்கும். பழையது முதலில் குறையொன்றும் காட்டாது. மென்று முடியும்போது கசப்பு எழும், தொண்டையில் மெல்ல அரிக்கும். இரண்டாவது பருப்பைத் தின்ன மனம் வராவிட்டால் அந்தப் பொதியை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது கண். பருப்பின் முதுகில் நகத்தை வைத்து அழுத்தினால் அது இரண்டு பாதியாகப் பிரியும். புதியதன் உட்பக்கம் தந்தவெள்ளையாக, வெளிப்பக்கத்தோடு ஒத்த நிறத்தில் இருக்கும். பழையதில் மஞ்சள் ஏறி, ஓரங்களில் எண்ணெய் ஊறியதுபோல ஒரு கண்ணாடித்தன்மை தெரியும். நடுவிலுள்ள பள்ளத்தையும் கூர்ந்து பாருங்கள். வெளியே குறையில்லாத பருப்பில்கூடச் சாம்பல்நிறப் பூஞ்சணமோ புழு அரித்த தூளோ அங்கே ஒளிந்திருக்கும்.

பொதியில் திகதி போட்டிருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

மொத்தப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு பைகளில் கட்டும் கடைகளில், கட்டிய திகதியே உற்பத்தித் திகதியாக ஒட்டப்படுவதுண்டு. அதனால் தாராளமாக வாங்குபவர்கள் மூலப்பெட்டியைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள திகதியைப் பார்க்க வேண்டும். பையின் அடியையும் திருப்பிப் பாருங்கள். மாவு போன்ற தூள், மெல்லிய நூலாம்படை, சிறு துளையிட்ட பருப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் வண்டோ அந்துப்பூச்சியோ குடியேறிவிட்டது.

காலாவதியான திகதியை மறைத்து மேலே வேறு ஒட்டுத்துண்டு ஒட்டியிருப்பதைக் கண்டால் பற்றுச்சீட்டோடு உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்கலாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

வருடத்தில் எப்போது வாங்குவது நல்லது?

நமது பக்கத்துக் கஜு பங்குனி தொடங்கி ஆனி வரையில் விழுகிறது. உடைத்து உலர்த்தி வரும் புதுப்பருப்பு, கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கிடைக்கும். அப்போது வாங்கினால் புதுமையும் உலர்வும் சேர்ந்தே கிடைக்கும். ஐப்பசிக்குப் பிறகு மாரிமழையில் காற்றே ஈரமாக இருக்கும். திறந்த சாக்கிலுள்ள பருப்பு சில நாட்களிலேயே நமத்துவிடும். தைப்பொங்கலுக்கு வாங்குபவர்கள் சாக்குச் சரக்கை விட்டு, காற்றகற்றிய பொதியை வாங்குவது பாதுகாப்பு.

உலர் திராட்சையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பிடித்திருக்கிறது. பூஞ்சணமா?

பெரும்பாலும் சீனிதான். பிளம்ஸ் என்று கடைகளில் விற்கும் உலர் திராட்சை நெடுநாள் கிடந்தால் அதன் சீனி மேலே பூத்துப் படிகமாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: கரைந்து மறைந்தால் சீனி; பஞ்சுபோல் ஒட்டி நின்றாலோ மண்வாடை வந்தாலோ பூஞ்சணம். சீனி பூத்தது பழையது, ஆனால் உண்ணக் கெடுதலில்லை. கேக்குக்கு ஊறவைத்துப் பயன்படுத்தலாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

திராட்சைக்குக் கஜுவின் ஈர அளவு பொருந்தாது. 15 முதல் 18 சதவீத ஈரம் அதற்குச் சரியானது. கையில் ஒரு பிடி இறுக்கி விட்டால் அது தனித்தனியாகப் பிரிய வேண்டும். உருண்டையாகவே நின்று சாறு ஒட்டினால் ஈரம் கூடியது, கல்லாக இருந்தால் மிகக் காய்ந்தது. பொன்னிறத் திராட்சையில் நிறத்தைக் காக்கக் கந்தகவீரொட்சைட்டு இடுகிறார்கள். அது பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தால் நாள் சென்றது என்று அறியலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த வகை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்களுக்குக் கறுப்புத் திராட்சையைக் கொடுப்பது நல்லது.

நோன்புக்குப் பேரீச்சம்பழம் எடுக்கும்போது பளபளப்பானதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

பளபளப்பு சீனிப்பாகு பூசியதாலும் வரும். தோல் சதையிலிருந்து விலகி உப்பியிருப்பதும் பழமையின் அடையாளமன்று. காயும்போது சில இனங்களில் அப்படி நேர்கிறது. ஒரு பழத்தைப் பிளந்து பாருங்கள். கொட்டையைச் சுற்றிக் கறுப்புத் தூள் இருந்தால் பூஞ்சணம். மணிமணியான கழிவு இருந்தால் பூச்சி. புளித்த வாடை வந்தால் ஈரத்தில் நொதித்துவிட்டது. இவை மூன்றும் இல்லாமல் சதை மென்மையாக இருந்தால், மங்கலான பழமாயினும் எடுக்கலாம்.

கச்சானில் கசப்பானது வந்தால் துப்பிவிட்டு மற்றதைத் தின்னலாமா?

ஒன்றிரண்டு என்றால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்து மற்றதைப் பார்த்துப் பொறுக்குங்கள். சுருங்கியவை, நிறம் மாறியவை, பச்சையோ கறுப்போ படிந்தவை ஆகியவற்றில் அஃபிளடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு இருக்கக்கூடும். வறுப்பது அதை முழுமையாக அழிக்காது. ஒரு பிடியில் பல கசந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். மாடு கோழிக்கும் போடக் கூடாது.

நல்லதாகப் பார்த்து வாங்கிவிட்டேன். எப்படி வைத்திருப்பது?

நமத்திருந்தால் முதலில் 60 முதல் 70 பாகை சூட்டில், முறித்துப் பார்த்தால் சட்டென்று முறியும்வரை உலர்த்தி, முழுவதும் ஆறவையுங்கள். வெயிலில் பரப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீர் போவதோடு வெளிச்சம் பட்டு எண்ணெயும் கெடத் தொடங்கும், பூச்சியும் முட்டையிட்டுவிடும்.

பிறகு ஒரு வாரத் தேவைக்கேற்பச் சிறு சிறு போத்தல்களில் நிரம்ப அடைத்து, குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். அங்கே முழுக் கஜு ஏறக்குறைய ஆறு மாதம் நிற்கும். வெளியே எடுத்த போத்தலை உடனே திறக்கக் கூடாது. அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியே வைத்திருந்து திறக்க வேண்டும். குளிர்ந்த பருப்பின்மேல் நமது கடற்கரைக் காற்றுப் பட்டால் நீர் முத்துமுத்தாகப் படிந்துவிடும், உலர்த்திய வேலையும் வீணாகும்.